ஸ்லௌவிலிருந்து ஸ்க்ராண்டனுக்கு: 'தி ஆபீஸ்' ஊர் மாறிய கதை

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): அமெரிக்க 'தி ஆபீஸ்' பிரிட்டிஷ் தொடரோட ஜெராக்ஸ் தானே சார்? பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. எதுக்கு இவ்வளவு கொண்டாட்டம்?

இரண்டுமே ஒரு பேப்பர் கம்பெனி அலுவலகத்தை ஆவணப்படக் குழு படம் பிடிப்பதுபோல் எடுத்த நகைச்சுவைத் தொடர்கள். பிரிட்டிஷ் தொடர் ஸ்லௌவில் நடக்கிறது, அமெரிக்கத் தொடர் ஸ்க்ராண்டனில். முதல் எபிசோடை மட்டும் பார்த்திருந்தால் நீங்கள் சொல்வது ஏறக்குறைய சரி. 2005 மார்ச்சில் என்.பி.சி.யில் வந்த அந்த எபிசோட், 2001இல் பிபிசியில் வந்ததன் காட்சிகளையே பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. சக ஊழியரின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைக்கும் குறும்பு இரண்டிலும் உண்டு. போஸ்ட்-இட் திருடினாய் என்று குற்றம் சாட்டி, ரிசப்ஷனிஸ்டை வேலையை விட்டு அனுப்புவதாக மேனேஜர் 'விளையாட்டுக்கு' நடித்து அவளை அழவைக்கும் காட்சியும் உண்டு.

அந்த அழவைக்கும் காட்சியைத்தான் கவனிக்கச் சொல்வேன். பிரிட்டனில் டேவிட் பிரென்ட் அதைச் செய்யும்போது நாம் சிரிப்பது அவரைப் பார்த்து. தன்னைப் பெரிய நகைச்சுவையாளர் என்று நம்பும் மனிதரின் பரிதாபம் அது. அதே காட்சியில் ஸ்டீவ் கரெலின் மைக்கேல் ஸ்காட் வெறும் கொடுமைக்காரராகத் தெரிந்தார். வசனத்தில் பெரிய மாற்றமில்லை. மாறியது நேரம். விளம்பரமில்லாத பிபிசியில் ஒரு எபிசோட் அரை மணி நேரம் ஓடும், விளம்பரம் போக அமெரிக்கச் சேனலில் மிஞ்சுவது 22 நிமிடம்தான். வெட்டும்போது முதலில் போவது மௌனம். பிரென்ட் ஜோக் அடித்துவிட்டு யாரும் சிரிக்காமல் நிற்பாரே, அந்த இரண்டு மூன்று விநாடிதான் அவருக்குத் தண்டனை. அதை எடுத்துவிட்டால் குற்றம் மட்டும் மிஞ்சுகிறது.

இரண்டாவது எபிசோடிலிருந்தே அவர்கள் சொந்தக் கதைக்குப் போய்விட்டார்கள். ஜெராக்ஸ் அங்கே முடிந்தது.

கேள்வி (சென்னை, ஐடி ஊழியர்): முதல் சீசன் எனக்குப் பிடிக்கவே இல்லை, இரண்டாவதிலிருந்து விட முடியவில்லை. நடுவில் என்னதான் நடந்தது?

உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் அதே அனுபவம்தான். முதல் சீசனில் 6 எபிசோட்தான், பார்த்தவர்களும் குறைவு. அந்தக் கோடையில் கரெல் நடித்த ஒரு திரைப்படம் பெரிய வெற்றி பெற்றது. அசடான, ஆனால் மனசு கெடாத ஆளாக அவரை மக்களுக்குப் பிடித்துப்போனது. தொடரைப் பொறுப்பேற்று நடத்திய கிரெக் டேனியல்ஸ் மைக்கேலையும் அந்தப் பக்கமாக நகர்த்தினார். எண்ணெய் வழிய வாரிய தலைமுடி போனது, அலுவலக வெளிச்சம் கொஞ்சம் கூடியது.

தோற்றத்தைவிட முக்கியமான மாற்றம் ஒன்று: மைக்கேலுக்கு ஒரு திறமை கொடுத்தார்கள். இரண்டாம் சீசனில் ஒரு எபிசோட். ஒரு பெரிய வாடிக்கையாளரை, மேலதிகாரியான ஜான் என்ற பெண் நெளிய நெளிய, சில்லீஸ் உணவகத்தில் உட்கார்த்தி வைத்து ஜோக், பாட்டு, ஊர்க்கதை என்று பேசிப் பேசியே ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். அன்றுதான் நமக்குப் புரிகிறது, இவர் மோசமான மேனேஜர், ஆனால் அருமையான விற்பனையாளர் என்று. இந்த ஆள் எப்படி இந்த நாற்காலிக்கு வந்தார் என்ற கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிடுகிறது. அதே இரவு ஜானுக்கும் அவருக்கும் இடையே ஏதோ தொடங்குகிறது. பிரிட்டிஷ் தொடரில் பிரென்டுக்கும் மேலதிகாரி ஜெனிஃபருக்கும் நடுவில் அப்படி ஒன்றைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. அவர் கணக்குக் கேட்க வருபவர், அவ்வளவுதான்.

கேள்வி (திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியை): தமிழில் டப்பிங் செய்யும்போது வெளிநாட்டு நகைச்சுவை செத்துப்போகிறதே, ஏன்?

அம்மா, அது வேறு விஷயம். டப்பிங்கில் குரல்தான் மாறும். ஊர், ஆட்கள், உறவுமுறை எல்லாம் அப்படியே இருக்கும். நாம் பேசுவது கதையின் உரிமையை வாங்கிப் புதிதாக எழுதி, புதிதாக எடுப்பதைப் பற்றி. ஆனால் மௌனத்தைப் பற்றி மேலே சொன்னது உங்கள் கேள்விக்கும் ஓரளவு பொருந்தும்.

கேள்வி (மதுரை): ஊர் மாறினால் என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டுமே பேப்பர் கம்பெனிதானே?

கம்பெனி ஒரே மாதிரிதான், ஊருக்கு இருக்கும் பெயர்தான் வேறு. ஸ்லௌ லண்டனுக்குப் பக்கத்தில் இருப்பது. பெயரைக் கேட்டாலே பிரிட்டிஷ்காரர் முகத்தில் ஒரு ஏளனம் வரும். ஸ்க்ராண்டன் பென்சில்வேனியாவின் பழைய நிலக்கரி ஊர், வாழ்ந்து கெட்ட ஊர். அதன்மேல் ஏளனத்தைவிடப் பரிவுதான் அதிகம். அந்தப் பரிவு தொடருக்குள்ளும் வந்துவிட்டது.

பிரிட்டிஷ் தொடரில் வரும் கேரத் என்ற பாத்திரத்தைப் பாருங்கள். பிரிட்டனின் பகுதிநேரப் படையில் இருந்ததைச் சொல்லிச் சொல்லியே பெருமையடிப்பார். அமெரிக்காவில் அதற்கு நேரானது நேஷனல் கார்டு. 2005இல் அந்தப் படையினர் ஈராக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை வைத்து யார் சிரிப்பார்கள்? காரணம் அதுதானா என்பது என் ஊகம். எப்படியோ, அமெரிக்கத் தொடரில் கேரத்தின் இடத்தில் வரும் ட்வைட் பீட்ரூட் பண்ணைக்காரராகவும் தன்னார்வ ஷெரிஃப் துணையாளராகவும் ஆனார். அதிகார ஆசை அப்படியே இருக்கிறது, சீருடை மாறிவிட்டது.

கேள்வி (சிங்கப்பூர்): ஜிம்–பாம் காதலை இழுஇழு என்று இழுத்துவிட்டார்கள். டிம்–டான் கதையில் இருந்த வலி இதில் இல்லை. ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டிஷ் தொடர் மொத்தம் 14 எபிசோட். அதில் ஊழியர் டிம் தன் மைக்கைக் கழற்றிவிட்டு, தான் விரும்பும் ரிசப்ஷனிஸ்ட் டானிடம் பேசும் காட்சியில் நமக்கு ஒரு சொல்லும் கேட்காது. திரும்பி வந்து மைக்கை மாட்டிக்கொண்டு, இல்லை என்றுவிட்டாள் என்பார். முடியப்போகும் கதையால்தான் அப்படிச் செய்ய முடியும். அமெரிக்கத் தொடர் 201 எபிசோட் ஓடியது. அவ்வளவு காலம் இருவரையும் ஏக்கத்திலேயே வைத்திருந்தால் பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். அதனால் இரண்டாம் சீசன் முடிவில் ஜிம் வாய்விட்டுச் சொல்கிறார், முத்தமிடுகிறார், வேறு கிளைக்குப் போகிறார். ஆறாம் சீசனில் கல்யாணம்.

இந்த நீளத்தால் ஒரு நன்மையும் உண்டு. பிரிட்டனில் பின்னணியில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஊழியர்கள் இங்கே ஆளுக்கொரு கதை பெற்றார்கள். எழுத்தாளர்களே சிலர் நடித்தார்கள். கெல்லியாக வரும் மிண்டி கேலிங் அவர்களில் ஒருவர். தமிழரான அப்பாவின் 'சொக்கலிங்கம்' என்ற பெயரிலிருந்து சுருங்கியதுதான் அந்தக் 'கேலிங்'. மூன்றாம் சீசனின் தீபாவளி எபிசோடை எழுதியவரும் அவரே. ஸ்லௌ அலுவலகத்தில் அதற்கு இடமே இருந்திருக்காது.

மறுபடியும் சிங்கப்பூர்: அதனால்தான் சொல்கிறேன், அது வேறு தொடர். ஒரே பெயர் எதற்கு?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கேள்வி (சென்னை, குறும்படம் எடுப்பவர்): நாங்க ஒரு ஆபீஸ் வெப்சீரிஸ் எழுதுறோம். படிச்சுக் காட்டினா எல்லாரும் 'மேனேஜர் கடுப்பேத்துறான்'ங்கறாங்க. 2019 இந்தி ரீமேக்கும் ஏன் எடுபடலைன்னு சொல்லுங்க.

ஃபரிதாபாதில் நடக்கும் அந்த இந்தித் தொடர் அமெரிக்கத் தொடரின் காட்சிகளை ரொம்பவே ஒட்டிப் போனது. என் பார்வையில் சிக்கல் மரியாதையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜிம் கேமராவைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார். மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊழியரின் பார்வை அது. நம் ஊரில் வாய் 'சரி சார்' என்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும், சீட்டுக்குத் திரும்பியதும் வாட்ஸாப்பில்தான் உண்மை வரும். எதிர்ப்பு வெளிப்படும் இடமே வேறு. பார்வையை மட்டும் கடன் வாங்கினால் ஒட்டாது.

உங்கள் மேனேஜர் விஷயம்: முதல் எபிசோடின் பிரதியை எடுத்து, அவர் பேசும் ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னும் அடுத்த வரி யாருடையது என்று பாருங்கள். அவருடையதாகவே இருந்தால் அவருக்குத் தண்டனையே கிடைக்கவில்லை என்று அர்த்தம். அங்கே ஒரு மௌனமோ, டீ கொண்டுவருபவர் குறுக்கே வருவதோ வைத்துப் பாருங்கள். அப்புறமும் கடுப்பாக இருந்தால், அவர் உண்மையாகவே நன்றாகச் செய்யும் வேலை ஒன்றை இரண்டாம் எபிசோடுக்குள் காட்டிவிடுங்கள். திருத்திய பிரதியை, முதலில் கேட்டவர்களிடம் இல்லாமல், புது ஆட்களிடம் படித்துக் காட்டுங்கள்.