பெயர் தெரியாத மேலாளரை எப்படி விளிப்பது?

"தூத்துக்குடியில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்துக்குத் தரக் கட்டுப்பாட்டு உதவியாளர் வேலை கேட்டு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறேன். விளம்பரத்தில் யார் பெயரும் இல்லை. 'ரெஸ்பெக்டட் சார்' என்றே தொடங்கலாமா?"
— வாசகி, தங்கச்சிமடம்

அன்புச் சகோதரிக்கு,

வேண்டாம். மண்டபத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் நான் சில காலம் இருந்தேன். அவற்றைப் படித்து ஆள் எடுத்தவர் ஓர் அம்மா. ஆனால், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவரை 'சார்' என்றே அழைத்தன. அவர் அதற்காக யாரையும் ஒதுக்கவில்லை என்றாலும், தன்னைப் பார்த்து எழுதிய கடிதம் எது என்பது முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

'டியர் சார் ஆர் மேடம்' தவறில்லை, ஆனால் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பழைய வரி அது. 'டு ஹூம் இட் மே கன்சர்ன்' என்பதோ கல்லூரியில் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் போல, யார் கைக்குப் போகும் என்று தெரியாத தாளுக்கு உரியது; விண்ணப்பத்தைப் படிக்க ஒருவர் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமே!

ஆகவே பெயருக்குப் பதில் பொறுப்பை விளியுங்கள். விளம்பரத்தை மறுபடி படித்து, விண்ணப்பம் எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று பாருங்கள். மனிதவளப் பிரிவின் முகவரி மட்டும் இருந்தால் 'டியர் ஹயரிங் மேனேஜர்' போதும். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவே ஆள் எடுக்கிறது என்று தெரிந்தால் 'டியர் குவாலிட்டி கன்ட்ரோல் ஹயரிங் டீம்' என்று எழுதலாம். இதில் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. பெயர் தெரியாத கடிதத்தை 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்றும், பெயரிட்டு எழுதுவதை 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றும் முடிப்பது நாம் பள்ளியில் கற்ற பிரிட்டிஷ் வழக்கம். ஒரே கடிதத்தைப் பல இடங்களுக்கு அனுப்பும்போது, முந்தைய நிறுவனத்தின் பிரிவுப் பெயர் விளியில் ஒட்டிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, விண்ணப்பத்தை யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பதில் தவறேதும் இல்லை. 'எம். ஜோதி' என்று சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜோதி ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அதனால் மிஸ்டர், மிஸ் இரண்டையும் விட்டு 'டியர் எம். ஜோதி' என்றே எழுதுங்கள். முதலெழுத்தைக் குடும்பப் பெயராக எண்ணி 'டியர் மிஸ்டர் எம்' என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் அவருடைய தகப்பனாரின் பெயர். இணையத்தில் தேடி, இவராகத்தான் இருக்கும் என்று ஊகித்த பெயரையும் போட வேண்டாம்.

தமிழில் எழுத நேர்ந்தால் வேலை இன்னும் எளிது: 'மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.' 'அவர்கள்' இருபாலருக்கும் பொதுவானது. அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது மட்டும், பெறுநர் பகுதியில் அறிவிப்பில் உள்ள பதவிப் பெயரை அப்படியே எழுதி, 'ஐயா / அம்மையீர்' என்ற பழைய விளியையே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்றும் வழக்கில் இருப்பது அதுதான்.