கட்டைவிரல் போட்டால் சம்மதம் ஆகிவிடுமா?

கேள்வி: மதுரையில் பெண்களுக்கான எடைக்குறைப்பு வகுப்பு நடத்துகிறேன். மூலிகைப் பொடியும் தருகிறேன். “உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், விளம்பரத்தில் போடுவேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்” என்று எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் கேட்டேன். எழுதுபவர்களுக்கு ஒரு மாதக் கட்டணம் இலவசம் என்றும் சொன்னேன். ஒரு பெண், சுகர் குறைந்து மாத்திரையையே நிறுத்திவிட்டதாகப் படத்தோடு எழுதினார். அதை நோட்டீஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டேன். இப்போது வேறு வகுப்புக்குப் போய்விட்டு, அனுமதி இல்லாமல் போட்டதாக 5 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விடுகிறார். என் பதிவுக்கு அவரே கட்டைவிரல் போட்டிருக்கிறார். தங்கையைப் போலப் பார்த்துக்கொண்டேனே, எதிர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: அவர் வேறு வகுப்புக்குப் போனதும், நீங்கள் தங்கையாக நடத்தியதும் வழக்கில் எடுபடாது. இந்தப் படத்தையும் இந்த வரிகளையும் இந்த விளம்பரத்தில் போட அவர் சம்மதித்தார் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? கேள்வி அது ஒன்றுதான்.

கட்டைவிரல் போதாது. அது ‘பார்த்தேன்’ என்பதாகவும் இருக்கலாம். ‘ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டு, பேசாமல் இருந்தவர்களின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் நிற்காது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994லேயே, தமிழ்நாட்டிலிருந்து போன ஆர். ராஜகோபால் வழக்கில் சொல்லிவிட்டது. அதற்காக அவர் கேட்கும் 5 லட்சம் அப்படியே கிடைத்துவிடாது. தானே எழுதிப் படமும் அனுப்பியவர் என்பது தொகையைக் குறைக்க உதவும்.

ஆனால் எனக்குக் கவலை அந்த 5 லட்சம் இல்லை. வக்கீல் நோட்டீஸுக்கு நீங்கள் எழுதப்போகும் பதில்தான். கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். கோபத்தில், “அவர் சொன்னது அத்தனையும் உண்மை, என் பொடியால்தான் மாத்திரையை நிறுத்தினார்” என்று பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதுவரை தனிநபர் தகராறாக இருந்தது, அப்புறம் வேறு வழக்காகிவிடும். நீரிழிவும் உடல் பருமனும் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. அவற்றைக் குணப்படுத்தும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம். உங்கள் பொடி உணவா மருந்தா என்று வாதாடலாம்தான். ‘மாத்திரையை நிறுத்தினேன்’ என்ற வரியை வைத்துக்கொண்டு அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும்?

‘நான் சொல்லவில்லை, கஸ்டமர் சொன்னார்’ என்பதும் கைகொடுக்காது. நோட்டீஸை அச்சடித்தது நீங்கள். விளம்பரம் தவறாக வழிநடத்துவது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தால் 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். போதாக்குறைக்கு அந்த இலவச மாதம். பாராட்டியவருக்கு நீங்கள் ஏதாவது கொடுத்திருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்கின்றன அந்த ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள். நீங்கள் சொல்லவில்லை.

இன்னொன்று. நோட்டீஸ் வந்த இரவே பலர் தங்கள் போனில் உள்ள குரூப் பதிவுகளை அழித்துவிடுவார்கள். எதிர்த்தரப்பிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். உங்களிடம் உங்களுக்குச் சாதகமான பகுதிகூட இருக்காது. விளம்பரத்தை உடனே எடுங்கள். உரையாடலை மட்டும் தொடாதீர்கள். முழுவதையும் ஏற்றுமதி செய்து, அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

எதிர் வழக்கு வேண்டாம், சமரசத்துக்குப் போங்கள். விளம்பரம் நீக்கப்பட்டது, வருந்துகிறோம், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் பேசத் தயார் என்று வக்கீல் மூலம் நாலு வரி போதும். நோய், பொடி என்று ஒரு சொல்லும் அதில் வரக்கூடாது. அவர் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தந்து மேலே கொஞ்சம் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான். பணத்தைக் கொடுக்கும் முன், இது தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற விடுவிப்புப் பத்திரத்தில் அவர் கையெழுத்து வாங்குங்கள். அவர் தரப்பைத்தான் அது முடிக்கும். அதிகாரிகள் தாங்களாக நடவடிக்கை எடுப்பதைத் தடுக்காது.

இனிமேல் குரூப்பில் கேட்காதீர்கள். ஒருவரின் சுகர் அளவை மற்ற எல்லோரும் படிக்க வைப்பது தனி வம்பு. ஒவ்வொருவருக்கும் தனியாக, அச்சாகப் போகும் வாசகத்தையே முழுசாக அனுப்பி இப்படிக் கேளுங்கள்: “இந்த வரிகளையும் இந்தப் படத்தையும் உங்கள் முதல் பெயரோடு நோட்டீஸிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓர் ஆண்டு வெளியிடச் சம்மதமா? மறுத்தாலும் உங்கள் வகுப்புக்கும் கட்டணத்துக்கும் பாதிப்பில்லை. பிறகு வேண்டாம் என்றால் இதே எண்ணுக்கு எழுதுங்கள், இணையத்திலிருந்து எடுத்துவிடுவோம்.” அவர் ‘சம்மதம்’ என்று எழுத்தில் பதில் தந்தால் மட்டும் போடுங்கள். அப்புறம் ஒரு சொல்லை வெட்டினாலும் மறுபடி கேளுங்கள். ‘டாக்டர் சொல்லி மாத்திரையைக் குறைத்தேன்’ என்பதில் ‘டாக்டர் சொல்லி’யை இடமில்லை என்று எடுத்துவிட்டால், அவர் சொல்லாததைச் சொன்னதாகப் போட்டவர் ஆகிவிடுவீர்கள்.

நோய், மாத்திரை, ரத்த அழுத்தம் பற்றிய வரிகளை யார் சம்மதித்தாலும் போடாதீர்கள். இன்ஸ்டாகிராமில் அப்படிப்பட்ட பழைய பதிவுகள் இருந்தால், நகல் எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கே இறக்குங்கள்.