அலுவலரின் அதிகார வரம்பைத் தாண்டிய கருவாட்டு கிளைம்

கேள்வி: பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். புயல் மழையில் கிட்டங்கிக் கூரை பிய்ந்து, உள்ளே இருந்த நெத்திலியும் வாளையும் நனைந்துவிட்டன. 7,40,000 ரூபாய் கேட்டு கிளைம் கொடுத்திருக்கிறேன். கிளை அலுவலர், “எனக்கு 2 லட்சம் வரைதான் அதிகாரம், மேலே அனுப்பியிருக்கிறேன்” என்கிறார். 2 லட்சத்துக்குள் குறைத்தோ, நான்கு கிளைமாகப் பிரித்தோ எழுதிக் கொடுத்தால் உடனே பணம் வந்துவிடும் என்கிறார் ஒரு தரகர். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். குறைத்து எழுதினால், 5 லட்சத்துக்கு மேல் விட்டுக்கொடுத்து நீங்கள் மிச்சப்படுத்தப்போவது சில நாள் மட்டுமே. அந்த மிச்சமும் தரகர் சொல்கிற அளவுக்குக் கிடைக்காது. வாகனம் அல்லாத இழப்பில் 1 லட்சத்தை எட்டிவிட்டாலே இழப்பை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. ஆகவே 2 லட்சமாகக் குறைத்தாலும் சர்வேயர் வருவார், கிட்டங்கியைப் பார்ப்பார், சரக்குப் புத்தகத்தைக் கேட்பார். ஒரே நாளில், ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மழையால் வந்த இழப்பு ஒரே கிளைம்தான். அதைப் பிரித்து எழுதினால், தேதியையும் முகவரியையும் சேர்த்துப் பார்க்கும் முதல் ஆளே அது ஏன் என்று கேட்பார். அந்தச் சந்தேகம் பிறகு கோப்பை விட்டு நீங்காது.

அதிகார வரம்பு என்பது அந்த அலுவலர் தன் கையெழுத்தால் பணம் விடுவிக்கக்கூடிய உச்சத் தொகை. அதற்கு மேற்பட்டதை அவர் பரிந்துரைக்கலாம், ஒப்புதல் அளிக்க முடியாது. கிளை, கோட்ட அலுவலகம், மண்டல அலுவலகம், தலைமையகம் என்ற படிகளோ, கணினி வரிசையில் ஒருவருக்கு மேல் ஒருவராக அமைந்த மேசைகளோ, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வரம்பும் அப்படித்தான். பொதுவாகக் கோப்பு எந்தப் படிக்குப் போகும் என்பதைப் பதிவாகியுள்ள இழப்பு மதிப்பீடே தீர்மானிக்கிறது. இதனால்தான் தொடக்கத்தில் குறைத்துச் சொல்வது கெடுதலாக முடிகிறது. முதலில் 1,80,000 என்று சொல்லிவிட்டு, சரக்கை எடைபோட்ட பிறகு 7 லட்சம் என்று திருத்தினால், கிளையின் வரிசையில் சில நாள் கிடந்த கோப்பு அப்போதுதான் மேலேறி, அங்கே கடைசியில் போய் நிற்கும்.

மேலே தாமதம் எப்படி வருகிறது என்பது தெரிந்தால் உங்கள் வேலை எளிதாகும். கிளை அலுவலர் உங்கள் கிட்டங்கியைப் பார்த்திருப்பார். மேலே கையெழுத்திடுபவர் பாம்பன் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். அவர் முன்னால் இருப்பது காகிதம் மட்டும். காகிதத்தில் இல்லாத ஒன்று அவருக்குத் தேவைப்பட்டால் ஒரு வினாவை எழுதிக் கோப்பைக் கீழே அனுப்பிவிடுவார். பதிலுடன் அது திரும்பும்போது பழைய இடம் காத்திருப்பதில்லை. ஆகவே படிகள் எத்தனை என்பதைவிட, கோப்பு எத்தனை முறை கீழே இறங்குகிறது என்பதே காலத்தைத் தின்கிறது.

கருவாட்டுச் சரக்கில் வரக்கூடிய வினாக்களை முன்கூட்டியே ஊகிக்கலாம். முதலாவது வங்கிக் கணக்கு. சரக்கின் பேரில் கடன் இருந்தால், மாதந்தோறும் வங்கிக்குக் கொடுத்த இருப்புப் பட்டியலைக் கட்டாயம் கேட்பார்கள். அதில் 6 லட்சம் என்று எழுதிவிட்டு, கிளைமில் 13 லட்சச் சரக்கு இருந்ததாகச் சொன்னால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பட்டியல் கொடுத்த பிறகு வந்து இறங்கிய சரக்கு என்றால், அந்த இடைப்பட்ட நாள்களின் கொள்முதல் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்துக் கொடுங்கள். கரையில் துண்டுச் சீட்டில்தான் கணக்கு நடக்கிறது என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது. அந்தச் சீட்டுக்கு எதிரே வங்கி வழியாகப் பணம் போன வரியைக் காட்டினால் அவர் ஏற்பார்.

இரண்டாவது, தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்பது. ஓட்டைக் கூரையில் வழக்கமாக ஒழுகும் மழைநீரும், காற்று கூரையைப் பிய்த்தபின் கொட்டிய மழைநீரும் பாலிசியின் கண்ணில் ஒன்றல்ல. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி மட்டும் இதற்குப் போதாது. பாம்பன் வானிலை நிலையத்தின் அன்றைய பதிவும், பிய்ந்த தகரம் விழுந்து கிடக்கும் படமும் சேர்ந்தால்தான் காரணம் நிலைபெறும்.

இனி தொகை. 7,40,000 அப்படியே வந்துவிடாது. நீங்கள் விற்பனை விலையில் கணக்கிட்டு அதில் 60,000 இலாபம் அடங்கியிருந்தால் சர்வேயர் அதைக் கழிப்பார், ஏனெனில் சரக்குக்குக் கிடைப்பது அடக்கவிலைதான். நனைந்த கருவாடு கோழித் தீவனத்துக்கு 40,000 ரூபாய்க்குப் போகும் என்றால் அதுவும் கழியும். மீதி 6,40,000. இதிலிருந்து, நீங்களே ஏற்க வேண்டிய பங்காகப் பாலிசியில் எழுதியுள்ள எக்ஸஸ் தொகையும் போகும். அன்றைய மொத்தச் சரக்கின் மதிப்பு 13 லட்சம், நீங்கள் காப்பீடு செய்தது 12 லட்சம் என்றால் குறைகாப்பீட்டுக்காக வெட்டுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசியாக இருந்தால் 15 சதவீதம் வரையிலான குறைவை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பாலிசியின் பெயரை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. “இந்தத் தொகைக்குச் சம்மதம்” என்று கடிதம் கேட்பார்கள். அந்தத் தொகை ஏதோ ஓர் அலுவலரின் வரம்புக்குச் சற்றுக் கீழே அழகாக வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்த இனத்தில் எவ்வளவு கழித்தார்கள் என்ற விவரத்தை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பணம் பெறும்போது கையெழுத்திடும் ரசீது, கூடுதல் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனாலும் சம்மதக் கடிதம் எழுதியவர் பிறகு வாதாடுவது கடினம்.

கோப்பு மேலே போயிருப்பது கெடுவை நீட்டாது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமித்து, அவர் 15 நாளில் அறிக்கை தந்து, அறிக்கை கிடைத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் எத்தனை மேசை ஏறி இறங்குவது என்பது அவர்கள் வீட்டு வேலை. தாமதத்துக்கு வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி கேட்கலாம். ஆகவே கிளைக்கு ஒரு கடிதம் எழுதி, மூன்றே கேள்வி கேளுங்கள்: சர்வேயர் அறிக்கை எந்தத் தேதியில் கிடைத்தது, கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது, பதில் தர வேண்டிய வினா ஏதாவது நிலுவையில் உள்ளதா. ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அதே பிரதியுடன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். உங்களைப் போல் ஒருவரே உரிமையாளராக நடத்தும் தொழிலும் அதில் அடங்கும்.