கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்விக்கு இரண்டு பக்கத்தில் பதில்

கேள்வி: காரிமங்கலத்தில் இருந்து விவசாய யூடியூப் சேனல் நடத்துகிறேன். 21,000 சந்தாதாரர்கள். கிருஷ்ணகிரியில் ஒரு சொட்டுநீர்ப் பாசனக் கடையில் விளம்பரம் கேட்டேன். "இரண்டு பக்கத்துக்கு மிகாமல் மீடியா கிட் அனுப்புங்கள்" என்றார்கள். எந்த எண்களைப் போடுவது, கட்டணத்தை எப்படி எழுதுவது, பக்கத்தை எப்படி அமைப்பது?

பதில்:

நான் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு, பாசனம், விவசாயக் கருவிகள் பற்றி வீடியோ போடுகிறேன். சேனலின் எண்களையும் கட்டணத்தையும் விளம்பரதாரருக்குச் சொல்லும் கோப்புதான் மீடியா கிட். என் முதல் கிட் ஏழு பக்கம். அதைக் கிருஷ்ணகிரியில் ஓர் உரக்கடை உரிமையாளரிடம் கொடுத்தேன். அவர் கைப்பேசியில் திறந்து, கட்டைவிரலால் வேகமாகத் தள்ளிக் கட்டணப் பக்கத்துக்குப் போனார். பிறகு மேலே திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இதெல்லாம் இருக்கட்டும்மா, ஒரு வீடியோ போட்டால் நம் பக்கத்து விவசாயிகள் எத்தனை பேர் பார்ப்பார்கள்?" ஏழு பக்கத்தில் எங்கும் அதற்குப் பதில் இல்லை. இப்போது நான் வைத்திருக்கும் இரண்டு பக்கங்களையும் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். உங்கள் சொட்டுநீர்க் கடைக்காரரும் இதையேதான் கேட்பார். அவர் சரக்கு விற்பது பர்கூர், போச்சம்பள்ளி, பாலக்கோடு வரைதான். சென்னையில் உங்களை எத்தனை பேர் பார்த்தாலும் அவருக்கு ஒரு குழாய்கூட விற்காது.

முதல் பக்கத்தில் சந்தாதாரர் எண்ணிக்கையை ஒரு வரியில் முடித்துவிடுங்கள். பெரிய எழுத்தில் வர வேண்டியது, ஒரு வீடியோ வழக்கமாக எத்தனை பார்வைகள் பெறுகிறது என்பது. இதைக் கணக்கிடுவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். என் கடைசி 10 வீடியோக்கள் வெளியான 30 நாளில் பெற்ற பார்வைகள் இவை: 3,900, 4,200, 4,600, 5,100, 5,400, 5,900, 6,300, 7,000, 7,800, 1,42,000. கடைசியில் இருப்பது ஆலங்கட்டி மழையில் மாம்பிஞ்சு உதிர்ந்த வீடியோ. எப்படியோ பரவிவிட்டது. பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 19,220 வருகிறது. ஆனால் மற்ற ஒன்பதில் எதுவும் எட்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. 19,220 என்று எழுதி ஒப்பந்தம் போட்டால், கடைக்காரரின் வீடியோ 5,500-இல் நிற்கும். அடுத்த முறை அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். அதனால் எண்களைச் சிறியதில் இருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கிறேன். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே, 5,650. இதைத்தான் பெரிதாகப் போடுகிறேன். பரவிய வீடியோவை மறைப்பதில்லை. "அதிகபட்சம் 1,42,000, ஒரு முறை" என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. எல்லா வீடியோவுக்கும் முதல் 30 நாளை மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் பழைய வீடியோவுக்கு இரண்டு வருடப் பார்வையும் புதியதற்கு இரண்டு வாரப் பார்வையும் சேர்ந்து கணக்கு கெட்டுவிடும்.

அடுத்தது ஊர்க்கணக்கு. யூடியூப் ஸ்டுடியோவின் பகுப்பாய்வில் Advanced mode திறந்தால் Cities என்ற பிரிவு இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்றுதான் மேலே நின்றன, காவேரிப்பட்டணம் கண்ணிலேயே படவில்லை. கைப்பேசி இணையத்தில் பார்ப்பவரின் ஊரை யூடியூப் அவருடைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்துக் கணிக்கிறது. அந்த முகவரி பல நேரம் பெருநகரத்தின் பெயரில் பதிவாகிறது. மத்தூரில் தோப்பில் உட்கார்ந்து பார்ப்பவரும் சென்னைக்காரராகக் கணக்கில் ஏறலாம். எனவே அந்தப் பட்டியலை அப்படியே கிட்டில் ஒட்டினால் உள்ளூர்க் கடைக்காரருக்கு நீங்கள் வெளியூர் சேனலாகத்தான் தெரிவீர்கள்.

நான் செய்தது எளிய வேலை. சேனலின் சமூகப் பதிவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன்: "உங்கள் தோட்டம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?" கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், வேறு என நான்கு விடைகள். ஒரு வாரத்தில் 612 பேர் வாக்களித்தார்கள். கிருஷ்ணகிரி 214, தர்மபுரி 131, சேலம் 97, வேறு 170. முதல் இரண்டையும் கூட்டினால் 345, அதாவது 56 சதவீதம். ஆனால் கிட்டில் "என் பார்வையாளர்களில் 56 சதவீதம் நம் இரு மாவட்டத்தார்" என்று நான் எழுதவில்லை. வாக்களிப்பவர்கள் விடாமல் பார்க்கும் ஆர்வலர்கள். தற்செயலாக வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வாக்களிப்பதில்லை. "வாக்களித்த 612 பேரில் 345 பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்தினர்" என்று எழுதி, வாக்கெடுப்பு நடந்த மாதத்தையும் போட்டேன். கேள்வியில் "தோட்டம்" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் வைத்தேன். சொட்டுநீர்க் கடைக்கு வேண்டியவர் நிலம் வைத்திருப்பவர், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் தோப்பு வைத்திருப்பவர் உட்பட.

முதல் பக்கத்தில் இவற்றுக்குப் பிறகு சேனல் எதைப் பற்றியது என்று இரண்டு வரியும், வயதுப் பிரிவில் மேலே நிற்கும் இரண்டும், ஏற்கெனவே செய்த விளம்பர வேலை ஒன்றும் போதும். வேலை எதுவும் செய்ததில்லை என்றால், நீங்களாகவே எடுத்த நல்ல வீடியோ ஒன்றின் பெயரையும் அதற்கு வந்த விசாரணைகளையும் போடுங்கள். "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கருத்துப் பகுதியில் 30 பேர் கேட்டிருந்தால், விளம்பரதாரருக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இரண்டாம் பக்கம் கட்டணம். ஊரில் யாரோ வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட தொகையைப் போடாமல், முதலில் உங்கள் கைச்செலவைக் கணக்கிடுங்கள். ஒரு முழு வீடியோவுக்கு என் கணக்கு: கேமரா பிடிக்கும் தம்பிக்கு 1,500, படத்தொகுப்புக்கு 2,500, பெட்ரோலும் சாப்பாடும் 800, என் இரண்டு நாள் உழைப்புக்கு 3,000. மொத்தம் 7,800 ரூபாய். இதற்குக் கீழே இறங்கினால் என் கையில் இருந்து கொடுக்கிறேன் என்று பொருள். இதன் மேல்தான் என் பார்வையாளர்களுக்கான மதிப்பைச் சேர்த்து 12,000 வைத்திருக்கிறேன். 5,650 பார்வைக்கு 12,000 என்றால் ஒரு பார்வைக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. கடைக்காரர் பேரம் பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருந்தால் எதுவரை இறங்கலாம் என்று தெரியும். என் வழக்கமான வீடியோவுக்குள் ஒரு நிமிடக் குறிப்புக்கு 4,500, தனி ரீல் ஒன்றுக்கு 3,500. இவை என் தொகைகள். உங்கள் செலவு வேறாக இருந்தால் கட்டணமும் வேறாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு தொகைக்கும் அருகில் அதில் என்ன அடங்கும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். "முழு வீடியோ" என்று மட்டும் எழுதினால் ஒருவர் 4 நிமிடம் என்று நினைப்பார், இன்னொருவர் 15 நிமிடம் கேட்பார். என் கிட்டில் இப்படி இருக்கிறது: "7 முதல் 9 நிமிட வீடியோ, உங்கள் பொருளை ஒரு தோட்டத்தில் பொருத்திக் காட்டுவது, ஒரு முறை திருத்தம், சேனலில் நிரந்தரமாக இருக்கும்."

அதன் கீழே தனியாக ஒரு வரி, மறுபயன்பாட்டுக்கு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு குழாய் விற்பனையாளர் என் வீடியோவில் இருந்து நாற்பது வினாடியை வெட்டி, தன் பக்கத்தில் பணம் கட்டி ஒரு மாங்காய்ப் பருவம் முழுக்க விளம்பரமாக ஓட்டினார். என் முகமும் குரலும் அவருடைய விற்பனைக்கு உழைத்துக்கொண்டிருந்தன. கேட்டபோது, "வீடியோவுக்குப் பணம் கொடுத்துவிட்டோமே" என்றார். நான் எழுதிக் கொடுத்ததில் அதைத் தடுக்கும் ஒரு சொல்கூட இல்லை. இப்போது இருக்கும் வரி: "வீடியோவை உங்கள் விளம்பரமாக ஓட்ட, 30 நாளுக்கு வீடியோ கட்டணத்தில் 30 சதவீதம் கூடுதல்." 12,000 ரூபாய் வீடியோவுக்கு இது 3,600. பாதித் தொகை முன்பணம், வெளியான ஏழு நாளில் மீதி என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

இன்னும் இரண்டு வரிகள். ஒன்று, "கட்டண விளம்பரம் என்று வீடியோவில் தெளிவாகக் குறிப்பிடப்படும்." பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இதை முன்கூட்டியே எழுதிவிட்டால், "விளம்பரம் என்று தெரியாமல் பேசுங்கள்" என்று பிறகு யாரும் கேட்க முடியாது. மற்றொன்று ஜிஎஸ்டி. நீங்கள் பதிவு செய்யாதவர் என்றால் "ஜிஎஸ்டி இல்லை" என்று போடுங்கள். பதிவு இல்லாமல் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது.

வடிவமைப்பில் நான் பிடிவாதமாக இருப்பது எழுத்தின் அளவில். உங்கள் கிட்டைக் கணினியில் யாரும் பார்க்கப் போவதில்லை. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 70. எல்லா எழுத்தும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கணினியில் அழகாகத் தெரியும் 10 புள்ளி எழுத்து கடைக்காரரின் கண்ணுக்கு எறும்பு வரிசை. சாதாரண வரிகளின் எழுத்து 14 புள்ளி, கட்டணமும் 5,650 என்ற எண்ணும் 24-க்குக் குறையாமல் வைக்கிறேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே ஒரு வண்ணம். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து திரையில் நன்றாக இருக்கும். ஆனால் கடையில் அதைக் கறுப்பு வெள்ளை அச்சில் எடுக்கும்போது தாள் முழுக்கக் கறுத்துப்போகும். புள்ளிவிவரத் திரையைப் படம் பிடித்து ஒட்டாதீர்கள். எண்ணைத் தட்டச்சுச் செய்யுங்கள். கேட்டால் காட்டுவதற்குப் படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றது. தமிழைச் சரியாகக் கையாளாத வடிவமைப்பு மென்பொருளில் "கொ" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். திரையில் சரியாக இருந்தாலும் பிடிஎஃப் ஆக மாற்றும்போது உடைவதுண்டு. அதனால் கோப்பை வேறொருவர் கைப்பேசியில் திறந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள்.

பெயரும் தொலைபேசி எண்ணும் இரண்டு பக்கத்தின் அடியிலும் இருக்க வேண்டும். உரக்கடைக்காரரைப் போலக் கட்டணத்தையே முதலில் தேடும் பலர் இரண்டாம் பக்கத்தை மட்டும் படம் பிடித்துப் பங்காளிக்கு அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கி எழுத்து மங்கிவிடும். முதல் பக்கத்தின் மேல் மூலையில் எண்கள் எடுத்த தேதியைப் போடுங்கள். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் ஆகிவிட்டால் பழைய கோப்பை அனுப்பாமல் கடைசி 10 வீடியோவையும் மறுபடி எண்ணுங்கள். மாங்காய்ப் பருவத்துக்கும் ஐப்பசி மழைக்கும் என் 5,650 ஒரே மாதிரி நின்றதில்லை.