போணா பசோ என்றால் இருநூறு இல்லை

கேள்வி: சூரத்தில் ஒரு சேலை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது. இந்தியிலேயே சமாளிக்கலாம் என்கிறார்கள். குஜராத்தி கற்றுக்கொண்டால் வேலையில் நிஜமாகவே பலன் உண்டா?

சமாளிக்கலாம், அது உண்மைதான். ரிங் ரோடு மார்க்கெட்டில் ராஜஸ்தான்காரர்கள் நிறையப் பேர், அதனால் கடைக்குக் கடை இந்திதான் ஓடும். நானும் ஈரோட்டிலிருந்து போய் முதல் எட்டு மாதம் இந்தியிலேயே தள்ளினேன். எண்களில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் குடோனிலிருந்து போனில் சேலை விலை சொன்னார்கள்: "போணா பசோ". பசோ என்றால் இருநூறு என்று தெரியும், முன்னால் இருந்த போணாவை நான் கவனிக்கவே இல்லை. திருநெல்வேலிக் கடை ஒன்றுக்கு 300 சேலை, 200 ரூபாய் மேனிக்கு பில் போட்டுவிட்டேன். போணா என்றால் கால் குறைவு. கால் குறைய இரண்டு நூறு, அதாவது 175. பில்லில் 7,500 ரூபாய் கூடுதல். கடைக்காரர் போனில் கத்தியதை விட, அதைத் திருத்த எங்கள் முதலாளியிடம் போய் நின்றதுதான் கஷ்டம். நம் ஊரில் தாத்தாக்கள் முக்கால், அரைக்கால் என்று கணக்குச் சொன்ன மாதிரிதான் இதுவும். தோட்சோ என்றால் 150, அடீசோ என்றால் 250. 39க்கு 'ஓகண்சாலீஸ்', அதாவது நாற்பதுக்கு ஒன்று குறைவு. காதில் 'சாலீஸ்' மட்டும் விழுந்தால் தொலைந்தோம். நூறு வரைக்கும் எண்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், தமிழ் மாதிரி 'முப்பத்து ஒன்பது' என்று கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இலக்கணப் புத்தகம் அப்புறம், முதலில் எண்கள். குடோன் துண்டுச் சீட்டுகளில் குஜராத்தி இலக்கம் வந்தால் அதையும் பாருங்கள், அவர்களுடைய 1 நம் கண்ணுக்கு 9 மாதிரித் தெரியும்.

ஆனால் எனக்குச் சம்பளம் ஏறியது எண்களால் இல்லை, தீபாவளியால்.

அங்கே தீபாவளி அன்று சோப்டா பூஜை, புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை. அதற்குள் பழைய பாக்கி வந்துவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஒரு பிடிவாதம். பூஜை முடிந்தால் மார்க்கெட் மூடிவிடும், லாப பஞ்சமி அன்றுதான் மறுபடி திறப்பார்கள். அமாவாசைக்கு ஐந்து நாள் கழித்து. தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கோ நிலைமை தலைகீழ். பண்டிகைக்கு முந்தைய கடைசி நாட்களில்தான் அவர் கல்லாவில் காசு விழும். "இப்போ கேட்டா எங்கேர்ந்து தர்றது தம்பி?" என்பார். பண்டிகை முடிந்து இரண்டு நாளில் கார்த்திகை முகூர்த்தத்துக்குச் சரக்கு கேட்டு போன் செய்வார், இங்கே எடுக்க ஆள் இருக்காது.

இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் குஜராத்தியில் உட்கார்ந்து பேசினேன். "சேட், அவங்க தராம இல்ல, அவங்க காசு வர்ற நாள் வேற" என்று. பாக்கியை இரண்டாகப் பிரித்தோம். பாதி ஆயுத பூஜைக்குள், மீதி தீபாவளி முடிந்த வாரம். முகூர்த்தச் சரக்குக்கு ஆர்டரை மார்க்கெட் மூடுவதற்குப் பத்து நாள் முன்பே வாங்கி, பார்சலை லாரியில் ஏற்றிவிட்டோம். எல்லாக் கடையும் ஒத்துக்கொள்ளவில்லை. மதுரைப் பக்கம் இரண்டு பேர் இன்றுவரை இழுக்கிறார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு தெற்கு வசூல் முழுக்க என் கைக்கு வந்தது, மாதம் 6,000 கூடுதலாக.

இதை இந்தியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். அப்போது நான் தெற்கத்திக் கடைக்காரனுக்கு வக்காலத்து வாங்கும் மதராசி. குஜராத்தியில் சொன்னபோது நம்ம கடைப் பையன். பெயரோடு 'பாய்' சேர்த்துக் கூப்பிடுவது, புறப்படும்போது 'ஆவ்ஜோ' என்பது, இதெல்லாம் அந்த வித்தியாசத்தில் சேர்த்தி. ஆவ்ஜோ என்றால் 'வாங்க' என்றுதான் அர்த்தம். 'போயிட்டு வரேன்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அது தானாகவே வாயில் வந்துவிடும்.

ஒரு கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைக்குத் தமிழ்நாட்டில் வியாபாரம் இருக்கிறதா? இருந்தால் உங்கள் தமிழுக்கும் அங்கே விலை உண்டு, குஜராத்தி அதைக் கூட்டும். வட இந்தியாவுக்கு மட்டும் அனுப்பும் கடை என்றால் எண்களோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. புனேயில் ஒரு நேர்காணலில் குஜராத்தி தெரியும் என்றேன், அந்த ஆள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதன்பிறகு பயோடேட்டாவில் 'தெரிந்த மொழிகள்' வரியை எடுத்துவிட்டு, 'சூரத் – தமிழ்நாடு வசூல், 40 கடைகள்' என்று எழுதினேன். அதைப் பற்றி மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள்.