ஊசுட்டேரி நடைக்கு எந்த நூல்?

புதுச்சேரி ஊசுட்டேரிப் பக்கம் தினமும் நடக்கிறேன். செடி, மரம், பட்டாம்பூச்சிகளின் பெயரறிய என்ன நூல் வாங்கலாம்?

ஐசக் கெஹிம்கரின் 'பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா' வாங்குங்கள். பட்டாம்பூச்சி நூல்தான், ஆனால் செடிக்கும் அதுவே வழிகாட்டும். எருக்கஞ்செடியைச் சுற்றும் ஆரஞ்சு நிறப் பூச்சியைப் பாருங்கள். பின்னிறகின் நடுவே மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். அதன் புழு எருக்கிலையைத் தின்னும். நடுவில் புள்ளிகள் இல்லையென்றால் அதைப் போலவே வேடமிட்ட டனாய்டு எக்ஃப்ளை பெண்பூச்சி. அதன் புழுவுக்கு எருக்கு ஆகாது, தரையில் படரும் பருப்புக்கீரைதான். படத்தின் நிறத்தை மட்டும் நம்பினால் இங்கேதான் ஏமாறுவோம்.

மரஞ்செடிகளுக்கு கே. எம். மாத்யூவின் 'தி ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாடிக்' என்ற தாவரநூல் மிக நம்பகமானது. பல தொகுதிகள், கையில் தூக்க முடியாது. பூவோடு ஒரு கிளையைப் படமெடுத்து வந்து வீட்டில் ஒப்பிடுங்கள்.