துணிக்கடை பில்லும் எச்.எஸ்.என். எண்ணும்: கேள்வி-பதில்

18,000 ரூபாய் பட்டுப் புடவைக்கு 5% வரி. அதே கடையில் மகளுக்கு எடுத்த 3,200 ரூபாய் ரெடிமேட் சுடிதாருக்கு 18%. ஏமாற்றுகிறார்களா? (ஓசூர் வாசகி)

இல்லை. புடவை எவ்வளவு நீளமானாலும், எவ்வளவு விலையானாலும் வரிப் பட்டியலுக்கு அது தைக்காத துணி. பில்லில் ஒவ்வொரு பொருளின் வகையையும் காட்டுவதுதான் எச்.எஸ்.என். எண்; பட்டுத் துணிக்கு அது 5007. அங்கே விலை வரம்பு கிடையாது, எப்போதும் 5% தான். வெட்டித் தைத்துவிட்டால் அது ஆடையாகி 61 அல்லது 62-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். பின்னலாடை 61, நெய்த துணியில் தைத்தது 62. அங்கே ஓர் உருப்படி 2,500 ரூபாய்க்கு மேல் போனால் 18%. உங்கள் பில் சரி.

பில்லில் 6205 என்று மட்டும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஆயிரம் ரூபாய் வரைதான் 5%, அதற்கு மேல் 12% என்கிறது. எதை நம்புவது? (தஞ்சாவூர் வாசகர்)

நீங்கள் பார்த்தது காலாவதியான பட்டியல். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் இருப்பது 9/2025-மத்திய வரி (விகிதம்) அறிவிக்கை. 6205 என்பது நெய்த துணியில் தைத்த ஆண்கள் சட்டை. அறிவிக்கையில் 6205-ஐத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அங்கே இரண்டு இலக்கத்தில், '62' என்று அத்தியாயம் முழுவதற்கும் பதிவு போட்டிருப்பார்கள். ஆகவே பின்னிலக்கங்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே தேடுங்கள்.

'62' இரண்டு இடத்தில் வரும். முதல் அட்டவணையில் 2,500-க்கு மேற்படாதது, இரண்டாவதில் மேற்பட்டது. எண் ஒன்றேதான், விகிதத்தைப் பிரிப்பது பக்கத்தில் உள்ள விவரிப்பு. எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இன்னொன்று: முதல் அட்டவணையின் தலைப்பில் 2.5% என்றுதான் இருக்கும். அது மத்திய அரசின் பங்கு. மாநிலப் பங்கும் அதே அளவு சேர்ந்துதான் 5% ஆகிறது.

எம்.ஆர்.பி. 3,500 போட்ட சட்டை. 20% தள்ளுபடி போக 2,800 வாங்கினார்கள். பில்லில் 18% வரி. கேட்டால் "எம்.ஆர்.பி. 2,500-க்கு மேல சார்" என்கிறார்கள். (கோவை வாசகர்)

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என் பீரோவிலும் இப்படி 18% கட்டி வாங்கி, முதல் துவைப்பிலேயே சாயம் விட்ட சட்டை ஒன்று தொங்குகிறது.

வரம்பு எம்.ஆர்.பி.க்கு இல்லை, விற்பனை மதிப்புக்கு. அதாவது பில்லில் காட்டிய தள்ளுபடியைக் கழித்து, வரி சேர்ப்பதற்கு முன் உள்ள தொகை. உங்கள் பில்லில் 'வரிக்குரிய மதிப்பு' என்ற கட்டத்தைப் பாருங்கள். 2,372.88 என்றும் வரி 427.12 என்றும் இருக்கும். மதிப்பு 2,500-க்குள் இருக்கிறது, அப்புறம் எங்கிருந்து வந்தது 18%? 5% என்றால் 118.64 தான். மிச்சம் 308 ரூபாய் 48 காசு உங்கள் பணம்.

கணக்குத் தெரிந்த கடைக்காரர் மடக்குவார்: "5% வச்சா அடக்க மதிப்பு 2,666 ஆயிடுதே, அப்ப வரம்பைத் தாண்டுதே!" உண்மைதான். அதனால்தான் இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. மதிப்பு சரியாக 2,500 என்றால் வரியோடு 2,625. ஒரு ரூபாய் கூடி 2,501 ஆனால் வரியோடு 2,951.18. இடைப்பட்ட விலையில் ஓர் உருப்படியின் பில் வந்தால், எந்த விகிதம் போட்டாலும் அது பொருந்தாது. விலையைக் குறைப்பதோ ஏற்றுவதோ கடையின் வேலை. தள்ளுபடிப் பலகையை மாட்டுமுன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்து வாங்கினேன். இப்போது சாயம் போகிறது. வரி சரியாகப் போட்டார்களா என்று எப்படிப் பார்ப்பது? (பெயர் வேண்டாம்)

எதில் பார்ப்பீர்கள்?

தைக்காத சுடிதார் மெட்டீரியல், மேல்துணி, கீழ்த்துணி, துப்பட்டா சேர்த்து 3,500. அதன் மேல் 18% என்று 630 ரூபாய் வாங்கிவிட்டார்கள். செட் என்பதால் ஆடையாம். (திருநெல்வேலி வாசகி)

பாவம், உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். தானிலிருந்து துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் அடுக்குவதால் மட்டும் துணி ஆடையாகிவிடாது என்று மறைமுக வரி வாரியம் 2017 அக்டோபரிலேயே 13/13/2017 சுற்றறிக்கையில், தைக்காத சல்வார் துணியைக் குறித்தே சொல்லிவிட்டது. 5% என்றால் 175 ரூபாய். 455 ரூபாய் திரும்ப வர வேண்டும்.

பில்லில் 61 அல்லது 62-இல் தொடங்கும் எண் போட்டிருந்தால் அதுவே அவர்கள் தவறுக்குச் சாட்சி. பில்லோடு போய், வரி கூடுதலாக வசூலித்ததற்கு கிரெடிட் நோட் போட்டுப் பணத்தைத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதுவரை துணியைத் தையற்காரரிடம் கொடுக்காதீர்கள்.